‘வூட்டாண்ட’ எந்த ஊர்ச் சொல்? அகராதியில் தேடும் வழி

‘வூட்டாண்ட குந்திகினு நாஸ்தா துன்னான்.’ சென்னைப் படங்கள் பார்த்து வளரும் மலேசியாவின் சுங்கை சிப்புட் பிள்ளைகளுக்கு இந்த வாக்கியம் பாதி புரியும், பாதி புரியாது. நம் பக்கம் இதையே ‘வீட்டுக்கிட்ட உக்காந்து பசியாறினான்’ என்போம். மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் ‘வீட்டுக்கிட்ட உக்காந்துக்கிட்டு பலகாரம் தின்னான்’ என்பார்கள். சென்னை வாக்கியத்தில் இருப்பதெல்லாம் பட்டணத்தில் முளைத்த கொச்சை என்று பலரும் நினைக்கிறார்கள். சொல் சொல்லாகத் தேடிப் பார்த்தால் அப்படி இல்லை.

தேடுவதற்கு நல்ல இடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அது, இப்போது `dsal.uchicago.edu/dictionaries/tamil-lex/` என்ற முகவரியில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் காதில் விழுந்தபடியே தட்டினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. அகராதியில் இருப்பது எழுத்து வடிவம். பேச்சில் ஒலி எப்படி மாறுகிறது என்று தெரிந்துகொண்டு, சொல்லைப் பின்னோக்கி நடத்திப் போக வேண்டும்.

‘வூட்டாண்ட’வை எடுத்துக்கொள்வோம். ப, ம, வ ஆகிய எழுத்துகளுக்குப் பின் வரும் இகரம், அடுத்து ட, ண, ள போன்ற நாமடி ஒலி இருந்தால், பேச்சில் உகரமாகிவிடும். பிள்ளை ‘புள்ள’ ஆவதும் பிடி ‘புடி’ ஆவதும் இப்படித்தான். இது நம் மலாயாத் தோட்டப் பேச்சிலும் உண்டு. சென்னையில் நெடில் ஈகாரமும் அதே வழியில் போய், வீடு ‘வூடு’ ஆகிறது. ஆகவே முதல் பாதி ‘வீட்டு’. அடுத்து ‘ஆண்ட’. சொல்லின் கடைசி ஐகாரம் பேச்சில் அகரமாகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்: தலை ‘தல’, இலை ‘எல’. அதைத் திருப்பினால் ‘ஆண்டை’ கிடைக்கும். பேரகராதியில் அந்தச் சொல் இருக்கவும் செய்கிறது. ஆனால் அதன் பொருள் எசமானன்.

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். வடிவம் பொருந்தியதும் நிறுத்திக்கொண்டு, ‘வீட்டு எசமான்’ என்று கதை கட்டிவிடுவார்கள். அதே சொல்லை வேறு வாக்கியங்களில் வைத்துப் பார்த்தால் தவறு தெரிந்துவிடும். சென்னையில் ‘கடையாண்ட நில்லு’, ‘என்னாண்ட கேளு’ என்கிறார்கள். எங்குமே எசமானுக்கு இடமில்லை, பக்கம் என்ற பொருள்தான். ‘என்னண்ட’ என்று குறிலாகவும் சொல்வது காதில் விழும். அந்தக் குறிலைப் பிடித்துக்கொண்டு ‘அண்டை’ என்று தேடினால் சரியான பதிவு கிடைக்கிறது: அருகு, பக்கம். அண்டை வீடு, அண்டை நாடு என்று எழுதுகிறோமே, அதே அண்டை. தென்கிராமமும் நாமும் ‘கிட்ட’ என்று சொல்லும் இடத்தில் சென்னை ‘அண்டை’யை வைத்திருக்கிறது.

‘குந்து’ சுலபம். குத்துக்காலிட்டு உட்காருதல் என்ற பொருளில் அப்படியே இருக்கிறது. ‘கினு’ தனிச்சொல் அல்ல, ‘கொண்டு’ தேய்ந்த வடிவம்; எனவே சொல்லிலிருந்து அதைக் கழற்றிய பிறகே தேட வேண்டும். ‘துன்னான்’ இன்னொரு கண்ணி. ‘துன்னு’ என்று தட்டினால் நெருங்குதல், செறிதல், தைத்தல் என்று பழைய இலக்கியப் பொருள்கள் வரும். சோற்றைப் பற்றிய பேச்சில் அவை ஒட்டவே ஒட்டாது. ‘தின்னு’தான் அப்படி மாறியிருக்கிறது; மேலே சொன்ன உகர விதிக்கு அடங்காத மாற்றம் இது.

மிஞ்சியது ‘நாஸ்தா’. இந்த நாலில் உண்மையாகவே வெளியிலிருந்து வந்தது இது ஒன்றுதான். உருதுவிலிருந்து வந்த சொல் என்பதால், அதே தளத்தில் உள்ள 1884ஆம் ஆண்டு பிளாட்ஸ் உருது அகராதியில் தேட வேண்டும். பாரசீகத்தில் அதற்கு ‘இன்னும் சாப்பிடாதவர்’ என்று பொருள்; பிறகு அந்த வெறும் வயிற்றுக்கான காலை உணவுக்கே பெயராகிவிட்டது. நம் ‘பசியாற’ தமிழுக்குள்ளேயே அந்த வேலையைச் செய்கிறது.

‘வூடு’, ‘ஆண்ட’, ‘கினு’ மூன்றும் சென்னைக்கு மட்டும் உரியவையும் அல்ல. செங்கல்பட்டு, பழைய வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களிலும் இவைதான் நாட்டுப்புறப் பேச்சு. பட்டணத்துக்குப் பிழைக்கப் போனவர்கள் கொண்டுபோன கிராமச் சொற்கள் இவை. அதே மாவட்டங்களிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கும் ஆள் வந்தது. ஆகவே லயத்தில் ஒரு பாட்டி ‘வூட்டாண்ட’ என்று சொன்னால், படம் பார்த்துக் கற்றது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவருடைய பெற்றோரின் மாவட்டத்தைக் கேளுங்கள்.

பேரகராதி 1930களோடு நின்றுவிட்டது. பிறகு வந்த தெருச்சொற்கள் அதில் இராது. அப்படிப்பட்ட சொல்லைக் கேட்டால் தனியாக எழுதி வைக்காமல், முழு வாக்கியத்தையும் சொன்னவரின் ஊரையும் வயதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ‘ஆண்ட’வில் தவறான பதிவைத் தள்ள உதவியது ‘கடையாண்ட நில்லு’ என்ற அந்த இன்னொரு வாக்கியம்தான்.