முப்பதாவது கணினிக்கு முகவரி இல்லை

ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். முப்பது கணினிகளில் இருபத்தொன்பதில் இணையம் கிடைத்தது. கடைசி வரிசை மூலையில் இருந்த ஒன்றில் மட்டும் இல்லை. கேபிளை மாற்றிப் பார்த்தார்கள், சுவிட்ச்சில் போர்ட்டை மாற்றினார்கள், நெட்வொர்க் கார்டையே புதிதாகப் போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நான் `ipconfig` கொடுத்துப் பார்த்தேன். முகவரி 169.254 என்று தொடங்கியது. கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் எதுவும் தராததால் விண்டோஸ் தானே வைத்துக்கொண்ட முகவரி அது. கேபிள் நன்றாகத்தான் இருந்தது. கொடுக்கத்தான் முகவரி மிச்சம் இல்லை.

ஆய்வகத்துக்கு ஒதுக்கியிருந்த சப்நெட் 192.168.10.32/27. மொத்த பிட்டுகள் 32. அதில் 27 நெட்வொர்க்குக்குப் போக, ஹோஸ்டுக்கு 5 மிஞ்சும். இரண்டின் ஐந்தாம் அடுக்கு 32. "முப்பது கணினிக்கு முப்பத்திரண்டு முகவரி, இரண்டு உபரி" என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அந்த இரண்டையும் எந்தக் கணினிக்கும் தர முடியாது. கடைசி எண்ணை பைனரியில் எழுதினால் காரணம் தெரியும்:

```
.32 = 001 00000   நெட்வொர்க் முகவரி
.33 = 001 00001   முதல் ஹோஸ்ட்
.62 = 001 11110   கடைசி ஹோஸ்ட்
.63 = 001 11111   பிராட்காஸ்ட் முகவரி
```

ஹோஸ்ட் பிட்டுகள் ஐந்தும் 0 என்றால் அது சப்நெட்டின் பெயர். ரூட்டிங் பட்டியலில் நிற்பது அதுதான். ஐந்தும் 1 என்றால் அந்த சப்நெட்டில் உள்ள எல்லாரையும் ஒரே நேரத்தில் அழைக்கும் முகவரி. ஆக மீதி 30. அதிலும் .33 ரூட்டருக்குப் போய்விட்டது, கேட்வே முகவரியாக. கணினிகளுக்கு 29.

நான் வருவதற்கு முன்பே ஆய்வக உதவியாளர் கையால் முகவரி கொடுத்துப் பார்த்திருந்தார். .63 கொடுத்தபோது, ஹோஸ்ட் பகுதி முழுவதும் 1 ஆக இருக்கிறது என்று சொல்லி விண்டோஸ் மறுத்துவிட்டது. அடுத்து .64 கொடுத்தார். அதுவோ பக்கத்து சப்நெட்டின் நெட்வொர்க் முகவரி, அதுவும் செல்லவில்லை. .65 ஏற்கப்பட்டது, ஆனால் கேட்வே வேறு சப்நெட்டில் இருப்பதாக எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கையை மூடிவிட்டு, இணையம் வரவில்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

தேர்வுத்தாளில் இதே பிழை பெரும்பாலும் ஒளிந்துகொள்கிறது. "50 கணினிகளுக்கு சப்நெட் அமை" என்று கேட்டால், இரண்டைக் கழிக்க மறந்தவனும் /26 என்றுதான் எழுதுவான், மறக்காதவனும் அதையே எழுதுவான். விடை சரி, மதிப்பெண்ணும் கிடைக்கும். பிழை வெளியே வருவது 31, 32, 63, 64 போன்ற விளிம்பு எண்களில்தான். 64 ஹோஸ்ட் என்று கேட்டால் /26 போதாது. அதில் 62தான் உண்டு, /25 வேண்டும். நான் வினாத்தாள் அமைத்தால் வேண்டுமென்றே இந்த எண்களைத்தான் வைப்பேன். கேள்வியில் ரூட்டரும் எண்ணிக்கையில் அடங்குமா என்பதையும் தெளிவாக எழுதிவிடுவேன். அதைச் சொல்லாமல் விடுவது வினா அமைப்பவரின் தவறு, மாணவனுடையது அல்ல.

இரண்டைக் கழிக்க மறந்து திட்டு வாங்கிய மாணவர்கள் சிலர் எதிர்த்திசைக்கும் ஓடுவார்கள். /24 ஐ /27 ஆகப் பிரித்தால் எட்டு சப்நெட். அதிலும் இரண்டைக் கழித்து ஆறு என்று எழுதுவார்கள். 1985இல் வந்த இணைய விதிமுறை ஆவணம் ஆர்எஃப்சி 950 முதல் சப்நெட்டையும் கடைசி சப்நெட்டையும் ஒதுக்கி வைக்கச் சொன்னது உண்மை. அந்த வழக்கம் என்றோ கைவிடப்பட்டது. இன்று எட்டும் பயன்படும். கழித்தல் ஹோஸ்டுக்கு மட்டும்.

அதற்கும் ஒரு விலக்கு உண்டு. இரண்டு ரூட்டர்களை நேராக இணைக்கும் தடத்தில் /31 வைக்கலாம் என்று ஆர்எஃப்சி 3021 அனுமதிக்கிறது. சூத்திரப்படி கழித்தால் பூஜ்யம் வரும், ஆனால் இரு முனைகளுக்கு இரு முகவரிகளும் செல்லும். இருவர் மட்டுமே உள்ள இடத்தில் எல்லாரையும் அழைக்கத் தனி முகவரி எதற்கு?

ஆய்வகத்துக்கு வருவோம். மாஸ்க்கை மட்டும் /26 ஆக மாற்றினால் போதும் என்றார் உதவியாளர். போதாது. /26 சப்நெட்டுகள் .0, .64, .128, .192 என்ற எண்களில்தான் தொடங்கும். .32 ஐ வைத்துக்கொண்டு /26 போட்டால் .0 முதல் .63 வரை முழுவதும் ஒரே சப்நெட்டாகிவிடும்; .0 முதல் .31 வரை அலுவலகப் பிரிவு உட்கார்ந்திருந்தது. .64 முதல் .127 வரை யாரும் இல்லை. ஆகவே ஆய்வகத்தை 192.168.10.64/26க்கு நகர்த்தினோம். ரூட்டருக்கு .65, கணினிகளுக்கு .66 முதல். டிஹெச்சிபி வரம்பைத் திருத்திவிட்டு மூலைக் கணினியில் `ipconfig /renew` கொடுத்தேன். பழைய நெட்வொர்க் கார்டு இன்னும் மேசை மேல் கிடந்தது. அதில் ஒரு கோளாறும் இல்லை.