எழுத்துத் தேர்வு முடிந்து நேர்முகத் தேர்வுத் தேதி வராதபோது: கேரள பிஎஸ்சி விண்ணப்பதாரர் விசாரிக்க வேண்டிய முறை

இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் தமிழ்ப் பகுதிகளில் பிஎஸ்சி எழுத்துத் தேர்வு எழுதிவிட்டு, நேர்முகத் தேர்வுக்கான அழைப்புக் கடிதம் தபாலில் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருப்போர் இன்றும் பலர் உள்ளனர். அந்தக் கடிதம் தபாலில் வருவதில்லை. நேர்முகத் தேர்வுக்கான அட்மிஷன் டிக்கெட் விண்ணப்பதாரரின் ஒருமுறைப் பதிவுப் பக்கத்தில், அதாவது thulasi.psc.kerala.gov.in தளத்தில் நாம் ப்ரொஃபைல் என்று சொல்லும் இடத்தில் வெளியாகிறது. அதை நாமே பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ள வேண்டும். கூடவே ப்ரொஃபைலுக்கு ஒரு செய்தியும், பதிவு செய்த மொபைல் எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ்ஸும் அனுப்பப்படுகின்றன. ஆகவே தேதி அறிவிக்கப்படாத காலத்தில் நாம் பின்தொடர வேண்டியது தபால்காரரை அல்ல. நம் தேர்வு இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத்தான். கட்டம் தெரிந்தால் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

எழுத்துத் தேர்வுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் இடையே நடப்பவை பல. முதலில் தற்காலிக விடைக்குறிப்பு வெளியாகி, அதன் மீதான ஆட்சேபங்கள் பெறப்பட்டு, இறுதி விடைக்குறிப்பு வருகிறது. விடைத்தாள் மதிப்பீட்டுக்குப் பிறகு ஷார்ட் லிஸ்ட் வெளியாகிறது. இதில் பெயர்களும் பதிவு எண்களும் இருக்குமே தவிர, மதிப்பெண் வரிசை இருக்காது. பொதுப் பட்டியலுக்குக் கீழே இடஒதுக்கீட்டுச் சமூகங்களுக்கான துணைப் பட்டியல்கள் தனித்தனியாக இருக்கும். அதன் பின் சான்றிதழ் சரிபார்ப்பு, அதன் பின் நேர்முகத் தேர்வு, இரண்டு மதிப்பெண்களையும் கூட்டி ரேங்க் லிஸ்ட், கடைசியாகக் காலியிடம் வரும்போது நியமனத்துக்குப் பரிந்துரைக்கும் அட்வைஸ் மெமோ என்று வரிசை போகிறது. ஷார்ட் லிஸ்டில் பெயர் வந்ததையே வேலை கிடைத்ததாக எண்ணி, செய்துகொண்டிருந்த தனியார் பள்ளி வேலையை விட்டுவிட்டவர்கள் உண்டு. அந்தப் பட்டியல் நேர்முகத் தேர்வுக்குத் தகுதி பெற்றோரின் பட்டியல் மட்டுமே என்பதை வீட்டாருக்கும் சொல்லி வைப்பது நல்லது.

ஒரு நிலைமையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். வண்டிப்பெரியாறு பக்கத்து எஸ்டேட் லயத்தில் வளர்ந்த ஒரு பெண் தேனியில் பி.ஏ. தமிழும் பி.எட்.டும் முடித்து, கேரள ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட்டில் தேர்ச்சியும் பெற்று, இடுக்கி மாவட்டத்துக்கான உயர்நிலைப் பள்ளித் தமிழ் ஆசிரியர் பணிக்குத் தேர்வு எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஷார்ட் லிஸ்டில் அவர் பெயர் இருக்கிறது. சில மாதங்கள் ஆகியும் நேர்முகத் தேர்வு பற்றி எந்தச் செய்தியும் இல்லை.

அவர் முதலில் பார்க்க வேண்டியது தம் ப்ரொஃபைலை. அதிலும் மொபைல் எண்ணை. மலைப்பகுதியில் ஒரு நெட்வொர்க் எடுக்கவில்லை என்று சிம்மை மாற்றுவதும், படிக்கப் போன இடத்தில் தமிழ்நாட்டு எண் வாங்கிப் பழையதை ரீசார்ஜ் செய்யாமல் விடுவதும் சாதாரணமாக நடப்பவை. பல மாதங்கள் பயன்பாட்டில் இல்லாத எண் பின்னர் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிடும். அப்படியானால் பிஎஸ்சி அனுப்பும் எஸ்எம்எஸ் யாரோ ஒருவருடைய போனுக்குப் போகிறது, நமக்கோ தேதியே அறிவிக்கப்படவில்லை என்று தோன்றுகிறது. அக்ஷயா மையத்தில் பதிவு செய்தவர்களில் சிலருக்குக் கடவுச்சொல்லும், கொடுத்த எண்ணும் அந்த மையத்தாருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். இந்த இரண்டையும் உடனே தம் கைக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகு வாரம் ஒருமுறையாவது ப்ரொஃபைலைத் திறந்து செய்திப் பகுதியையும் அட்மிஷன் டிக்கெட் பகுதியையும் பார்க்க வேண்டும். எஸ்எம்எஸ் வந்தால் திறந்துகொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது keralapsc.gov.in தளம். நேர்முகத் தேர்வு அட்டவணையும் பத்திரிகைக் குறிப்புகளும் அதில் வருகின்றன. இவற்றில் பணியின் பெயர் மலையாளத்தில் இருப்பதால், மலையாள எழுத்து பழகாதவர்கள் வேறு மாவட்டத்துக்கான அறிவிப்பைத் தம்முடையது என்றும், தம்முடையதை வேறு என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். பெயரைத் தேடாமல், ஒவ்வொரு பணி அறிவிப்புக்கும் பிஎஸ்சி தரும் கேட்டகரி நம்பரைத் தேடினால் இந்தக் குழப்பம் வராது. சரிவு கோடிட்டு ஆண்டோடு சேர்த்து எழுதப்படும் அந்த எண் எல்லா அறிவிப்பிலும் ஒரே மாதிரி இலக்கங்களில்தான் இருக்கும். பத்திரிகைக் குறிப்பில் இன்னொரு பயனுள்ள வரியும் உண்டு: தகுதி பெற்றும் அறிவிப்புக் கிடைக்காதவர்கள் எந்தப் பிரிவைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பது பிரிவின் பெயரோடும் தொலைபேசி எண்ணோடும் அதில் கொடுக்கப்படும். பொது விசாரணை எண்ணுக்குப் பலமுறை அழைப்பதைவிட அந்தப் பிரிவுக்கு ஒருமுறை அழைப்பது மேல், ஏனென்றால் கோப்பு இருப்பது அங்கேதான்.

மாவட்ட அளவிலான பணி என்பதால் இந்தப் பெண் கட்டப்பனையில் உள்ள பிஎஸ்சி மாவட்ட அலுவலகத்தில் நேரிலும் விசாரிக்கலாம். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தவருக்கு அது பாலக்காட்டு அலுவலகம். மாநில அளவிலான பணிகளுக்கே திருவனந்தபுரம் பட்டத்தில் உள்ள தலைமையகத்தை அணுக வேண்டிவரும். போகும்போது கேட்டகரி நம்பர், தேர்வுப் பதிவு எண், ப்ரொஃபைல் பயனர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். “இன்டர்வியூ எப்போது?” என்று மட்டும் கேட்டால் “அறிவிக்கும்போது தெரியும்” என்பதே பதிலாக வரும், அதில் அவர்கள் குறையும் இல்லை, தேதி முடிவாகாதபோது சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக, “இந்தக் கேட்டகரி நம்பரில் சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்துவிட்டதா, என்னுடையதில் ஏதாவது நிலுவை இருக்கிறதா, ஷார்ட் லிஸ்ட் மீது வழக்கு ஏதும் இருக்கிறதா?” என்று கேட்டால் பதில் சொல்ல அவர்களால் முடியும், அந்தப் பதிலால் நமக்கும் பயன் உண்டு. கேரள நிர்வாகத் தீர்ப்பாயத்திலோ உயர் நீதிமன்றத்திலோ ஒரு வழக்கு நிற்பதால் மட்டுமே ஒரு நேர்முகத் தேர்வு தள்ளிப்போவது உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

நிலுவை என்ற அந்தச் சொல்லில்தான் எல்லைப்புறத் தமிழர்களின் சிக்கல் அதிகம். இந்தப் பெண்ணின் பட்டம் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தினுடையது. அது கேரளத்தில் ஏற்கப்பட்ட பட்டம் என்பதைக் காட்ட, கேரளப் பல்கலைக்கழகம் ஒன்றிடமிருந்து ஈக்விவலன்சி சான்றிதழ் பெற வேண்டிவரலாம். அதற்கு மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டம் முதலியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். கேட்ட அன்றே கையில் கிடைக்கிற காகிதம் அல்ல அது. அழைப்பு வந்த பிறகு ஓடினால் கிடைக்காமல் போகக்கூடும் என்பதால், தேதி வராத இந்த இடைவெளியையே இதற்குப் பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சமூகச் சான்றிதழும் அப்படித்தான். தமிழ்நாட்டின் பிசி, எம்பிசி பட்டியல்கள் கேரளத்தில் செல்லாது. கேரளத்துப் பட்டியலில் அந்தச் சமூகம் இருந்தால் மட்டுமே இடஒதுக்கீடு உண்டு. பிற்படுத்தப்பட்டோர் நான்-கிரீமி லேயர் சான்றிதழை வில்லேஜ் ஆபீசரிடமும், பட்டியலினத்தவர் சாதிச் சான்றிதழைத் தாசில்தாரிடமும் கேரளத்திலேயே பெற வேண்டும். 1950க்குப் பின் தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய பட்டியலினக் குடும்பங்களுக்குக் கேரளத்தில் அந்தச் சலுகை கிடைப்பதில்லை என்பதால், தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடம் அதற்கு முன்பே இங்கு வசித்ததற்கான ஆவணம் கேட்கப்படுகிறது. மூன்று தலைமுறையாக அதே லயத்தில் வாழ்ந்தும் சொந்தப் பட்டா இல்லாதவர்களுக்கு இது பெரிய பாரம். எஸ்டேட் நிர்வாகத்தின் பழைய வேலைப் பதிவேட்டில் தாத்தா பெயர் இருக்கிறதா என்று இப்போதே தேடத் தொடங்க வேண்டும்.

மூன்றாவது, பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பட்டத்தில் இனிஷியலை விரித்து அப்பா பெயர் முழுதாக என்று மூன்று விதமாக இருப்பது நம் ஊர்களில் வழக்கம். தமிழ்நாட்டு அலுவலகங்களில் கண்டுகொள்ளாமல் விடப்படும் இந்த வேறுபாடு இங்கே சரிபார்ப்பில் நிறுத்தப்படலாம். மூன்றும் ஒரே நபருடையவை என்று வில்லேஜ் ஆபீசில் ஒன் அண்ட் சேம் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

நேரில் கேட்டும் தெளிவு கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. கேரளத்தில் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளோருக்குக் கட்டணம் இல்லை. விண்ணப்பத்தை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவது பாதுகாப்பானது. எழுத இயலாதவர் வாய்மொழியாகச் சொன்னால் பொதுத் தகவல் அலுவலர் உதவ வேண்டும் என்று சட்டத்தின் 6ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் இந்தச் சட்டத்தால் கிடைப்பது கோப்பில் உள்ள தகவல் மட்டுமே. “ஏன் தாமதம்?” என்பது விளக்கம் கேட்பது, அதற்கு அலுவலர் பதில் தர மறுக்க முடியும். “இந்தக் கேட்டகரி நம்பரில் ஷார்ட் லிஸ்ட் வெளியான தேதி என்ன, சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்த தேதி என்ன, நேர்முகத் தேர்வை நிறுத்தி வைக்கும் நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் நகல் தருக” என்று கேட்டால் அவை ஆவணங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். இதற்கு 19ஆம் பிரிவு இடம் தருகிறது. தேதியை முன்கூட்டி நிர்ணயிக்கச் செய்யும் அதிகாரம் மட்டும் இந்த விண்ணப்பத்துக்கு இல்லை.

அட்மிஷன் டிக்கெட் ப்ரொஃபைலில் வந்ததும் அதிலுள்ள நாள், நேரம், இடம் மூன்றையும் பார்க்க வேண்டும். ஒரே கேட்டகரி நம்பருக்கு நேர்முகத் தேர்வு பல நாட்களாகப் பிரிந்து நடக்கலாம் என்பதால் தோழியின் தேதி நம்முடைய தேதியாக இருக்க வேண்டியதில்லை. ஷார்ட் லிஸ்டில் பெயர் இருந்து, மற்றவர்களுக்கு டிக்கெட் வந்து, நமக்கு மட்டும் வரவில்லையென்றால் அன்றே பத்திரிகைக் குறிப்பில் உள்ள பிரிவுக்கு அழைத்துவிட்டு, எழுத்து மூலமும் மாவட்ட அலுவலகத்தில் மனு கொடுத்து, மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். நேர்முகத் தேர்வுக்கு வராதவரின் பெயர் ரேங்க் லிஸ்டில் இடம்பெறாது. அதன் பிறகு தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால், உரிய நேரத்தில் விசாரித்தோம் என்பதற்குக் கையில் இருக்கும் சான்று அந்த முத்திரையிட்ட நகல்தான்.