கையில் இல்லாத கரடித் தோல்

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுப் பக்கத்துச் சந்து ஒன்றில் என் அலுவலகம். வருமான வரியும் முதலீட்டுக் கணக்குகளும் பார்க்கிறேன். கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் ஒரு வாடிக்கையாளர், துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவர், ஒரு நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "சார், விற்ற ஷேருக்கு என்கிட்டயே பணம் பிடிச்சிருக்காங்க, இது எப்படி?" என்று கேட்டார்.

நடந்தது இதுதான். காலையில் செய்தியில் "கரடியின் பிடியில் சந்தை" என்று பார்த்திருக்கிறார். விலை இறங்கும்போதும் சம்பாதிக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்க, தன்னிடம் இல்லாத ஒரு சின்ன நிறுவனத்தின் 200 பங்குகளை 150 ரூபாய்க்கு இன்ட்ராடேவில், அதாவது அன்றைக்கே கணக்கை முடிக்கும் வியாபாரத்தில், விற்றார். சாயங்காலத்துக்குள் குறைந்த விலையில் திரும்ப வாங்கிவிட்டால் வித்தியாசம் லாபம் என்பது கணக்கு. ஆனால் அந்தப் பங்கு மதியம் ஏறத் தொடங்கி, அன்றைக்கு அனுமதிக்கப்பட்ட 10 சதவீத உச்சமான 165-இல் போய் நின்றுவிட்டது. அப்பர் சர்க்யூட் என்பார்கள். அங்கே வாங்க ஆள் இருக்கும், விற்க ஆள் இருக்காது. புரோக்கரின் சிஸ்டமே கடைசி நேரத்தில் வாங்கி முடித்துவிடும் என்று நம்பியிருந்தார், ஆனால் விற்பவரே இல்லாதபோது சிஸ்டம் யாரிடம் வாங்கும்?

வாங்கியவருக்குப் பங்கு போய்ச் சேர வேண்டுமே. அதனால் மறுநாள் பங்குச்சந்தை ஏலம் நடத்தி அதை வாங்கிக் கொடுத்தது, 178 ரூபாய்க்கு. பங்குக்கு 28 ரூபாய், 200 பங்குக்கு 5,600 ரூபாய், அதற்கு மேல் கட்டணங்கள். ஏலத்திலும் பங்கு கிடைக்காமல் போயிருந்தால் இன்னும் கடுமையான விலையில் கணக்கை முடித்திருப்பார்கள்.

அவருக்கு நான் கரடியின் கதையைத்தான் முதலில் சொன்னேன். காளை கொம்பால் மேலே தூக்கும், கரடி பாதத்தால் கீழே அடிக்கும், அதனால் இந்தப் பெயர்கள் என்பதுதான் நாம் எல்லோரும் கேள்விப்பட்டது. ஞாபகம் வைத்துக்கொள்ள நல்ல வழி, ஆனால் பெயர் அப்படிப் பிறக்கவில்லை. கரடியைப் பிடிப்பதற்கு முன்னால் தோலை விற்காதே என்று ஐரோப்பாவில் ஒரு பழைய பழமொழி உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் பங்குத் தரகர்கள் கூடிய சந்துகளில், கையில் இல்லாத பங்கை இன்றைய விலைக்கு விற்றுவிட்டு, ஒப்படைக்கும் நாளுக்குள் விலை இறங்கும் என்று காத்திருந்தவர்களுக்குக் கரடித்தோல் வியாபாரி என்று பெயர் வந்தது. பின்னால் அது சுருங்கி வெறும் கரடி ஆனது. 1720-இல் தென்கடல் கம்பெனியின் பங்கு ஏறி வீழ்ந்த நேரத்தில் அந்தச் சொல் பரவியது. காளை அதற்கு ஜோடியாக வந்தது. 1761-இல் வெளிவந்த தாமஸ் மார்ட்டிமரின் புத்தகம், கொடுக்கப் பணமில்லாமல் வாங்கி, விலை ஏறியதும் விற்றுவிடலாம் என்று இருப்பவனைக் காளை என்கிறது.

ஆக, கரடி என்பது முதலில் ஒரு மனிதன் செய்த வியாபாரத்தின் பெயர். நம் அண்ணன் அன்று செய்தது அச்சு அசலாக அதேதான்.

இன்றைய செய்தியில் அது காலத்தின் பெயராக மாறிவிட்டது. உச்சத்திலிருந்து சென்செக்ஸ் போன்ற ஒரு குறியீடு 20 சதவீதம் இறங்கினால் கரடிச் சந்தை, அடியிலிருந்து 20 சதவீதம் ஏறினால் காளைச் சந்தை என்பது வழக்கம். இது சட்டமில்லை, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதியுமில்லை. ஒரே நாள் 1 சதவீதம் சரிந்தாலும் தலைப்பில் கரடி வந்துவிடும், அவர் பார்த்ததும் அந்த மாதிரித் தலைப்புதான்.

உண்மையான கரடிச் சந்தையிலும் பெயர் தாமதமாகத்தான் வரும். 2020 ஜனவரி 14-இல் சென்செக்ஸ் 41,952-இல் முடிந்தது. 20 சதவீதக் கோட்டைத் தாண்டி 32,778-க்கு வந்தது மார்ச் 12-இல். மார்ச் 23-இல் 25,981. அங்கிருந்து திரும்பி, நவம்பர் 9-இல் 42,597. மார்ச் இறுதியில், கரடி என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தபோது பயந்து விற்றவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். 38 சதவீதம் இறங்கியதை ஈடுகட்ட 61 சதவீதம் ஏற வேண்டும், அந்த ஏற்றத்தில் அவர்கள் இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ இறங்கும்போது விற்கவே கூடாதா சார்?" என்றார். உங்கள் டீமேட் கணக்கில் இருக்கும் பங்கை விற்பது வேறு, இல்லாததை விற்பது வேறு அண்ணே என்றேன். அப்புறம் என்எஸ்இ பங்குச்சந்தையின் தளத்தில் ஒரு பங்கின் பக்கத்தைத் திறந்து, அன்றைய விலை வரம்பு எங்கே போட்டிருக்கிறது என்று காட்டினேன். 5, 10 சதவீதம் என்று சின்ன வரம்பு இருந்தால் அந்தப் பங்கை இல்லாமல் விற்காதீர்கள், அது பூட்டிக்கொண்டால் வெளியே வர வழியே இருக்காது என்றேன். அவர் தன் போனிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து, விற்ற அதே பங்கைத் தேடி, 10 என்று இருந்ததைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.