முதல் தடவை வாங்குபவரிடம் பாஸ்வேர்ட் கேட்கலாமா?

திருகோணமலையில் சிறு கடைகளுக்கு இணையக் கடை அமைத்துக் கொடுப்பது என் தொழில். கருவாடு விற்கும் ஒருவரின் கடையை வைத்தே இதைச் சொல்கிறேன். அங்கே பாஸ்வேர்ட் வைத்துக் கணக்குத் திறந்தால்தான் வாங்க முடியும் என்றிருந்தது.

பேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்துக் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், கூடையில் நெத்தலி போட்டார்கள், ஆனால் ஓர்டர் வரவில்லை. வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்தால், கணக்குத் திறந்தும் ஓர்டர் எண்ணிக்கை பூச்சியமாக இருந்தவர்கள் வரிசையாகத் தெரிந்தார்கள். வாங்கும் எண்ணம் இல்லாதவர் அவ்வளவு தூரம் போகமாட்டார். ஆகவே தடங்கல் அதற்கு அடுத்த படியில்தான்.

என் போனிலேயே ஓர்டர் போட்டுப் பார்த்தேன். விளம்பரத்தைத் தொட்டால் கடை பேஸ்புக் ஆப்புக்குள் இருக்கும் உலாவியில் திறக்கிறது. கணக்கை உறுதிப்படுத்த ஈமெயிலில் வரும் இணைப்போ குரோமில் திறக்கிறது. கூடையில் என்ன இருக்கிறது என்பதை நினைவில் வைப்பது குக்கி. ஓர் உலாவியின் குக்கி மற்றதற்குத் தெரியாது. அதனால் கணக்கு உறுதியானது, கூடை மட்டும் காலி. பொருட்களை மறுபடி தேடிப்பிடிக்க யாருக்குப் பொறுமை?

“கணக்கு இல்லாட்டி பொய் ஓர்டர் வருமே தம்பி” என்றார் கடைக்காரர். நியாயமான பயம்தான். பொருள் கைக்கு வந்தபின் காசு கொடுக்கும் முறையில், ஆள் வாங்க மறுத்தால் கூரியர் செலவு கடைக்காரர் தலையில்தான் விழும். ஆனால் பொய் ஈமெயில் தொடங்க யாருக்கும் காசு செலவாகாது. பொய் ஓர்டரைப் பிடிப்பது பொதி கட்டுமுன் எடுக்கும் ஒரு போன் அழைப்பு.

அதனால் கடையை நடத்தும் WooCommerce மென்பொருளின் அமைப்பில் Accounts & Privacy பக்கத்துக்குப் போய், கணக்கில்லாமல் வாங்கும் வசதியைத் திறந்துவிட்டோம். கூரியருக்கு உண்மையில் தேவையானவை பெயர், போன் இலக்கம், முகவரி, கிட்டிய நகரம். அவற்றை மட்டும் கட்டாயமாக்கினோம். தபால் குறியீடு பலருக்கு மனப்பாடம் இல்லை, நகரத்தின் பெயரே போதும் என்று எடுத்துவிட்டோம். ஈமெயில் விருப்பத்துக்கு விடப்பட்டது, உறுதிச் செய்தி எஸ்எம்எஸ்ஸில் போகிறது. போன் இலக்கப் பெட்டிக்கு இப்படி எழுதினால் இலக்கப் பலகை தானாக வரும், போனில் சேமித்த இலக்கத்தையும் உலாவியே எடுத்துக் கொடுக்கும்:

```
<input type="tel" autocomplete="tel">
```

கணக்கை முற்றாக நீக்கவில்லை. ஓர்டர் முடிந்து நன்றி சொல்லும் பக்கத்தில், “அடுத்த முறை முகவரி அடிக்காமல் வாங்க” என்று ஒரேயொரு பாஸ்வேர்ட் பெட்டி இருக்கிறது. மற்ற விவரங்கள் ஏற்கெனவே நம்மிடம் இருக்கின்றன. அந்த நேரத்தில் வாங்கியவருக்கும் அதில் ஒரு பயன் தெரிகிறது.

கட்டாயக் கணக்கு பொருந்தும் இடமும் உண்டு. கிலோக்கணக்கில் மொத்தமாக எடுக்கும் கடைகளுக்கு விலை வேறு, கடன் கணக்கும் ஓடும். அவர்கள் உள்நுழைந்தால்தான் அந்த விலையைக் காட்ட முடியும். அவர்களுக்குத் தனி வாசல் வைத்தோம்.

உங்கள் கடையிலும் பூச்சிய ஓர்டர் கணக்குகள் சேர்ந்திருந்தால், கணினியில் சோதிக்காதீர்கள், அங்கே எல்லாம் சரியாகவே நடக்கும். போனில், பேஸ்புக்குக்குள்ளிருந்து, புது ஈமெயில் ஒன்றோடு தொடங்கிப் பாருங்கள்.