இங்கே சொடுக்கவும்: எங்கே?

ஒரு மொழிபெயர்ப்புக் கோப்பைச் சரிபார்க்கக் கொடுத்திருந்தார்கள். 'இங்கே சொடுக்கவும்' என்ற வரிக்கு எதிரே மூன்று பேர் கருத்து எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு 'சொடுக்கவும்', இன்னொருவருக்கு 'அழுத்தவும்', மூன்றாமவருக்கு 'கிளிக் செய்யவும்' என்பதே போதும். 'இங்கே' என்ற சொல்லை ஒருவரும் தொடவில்லை. எனக்கு எரிச்சல் அதில்தான்.

முதலில் சொல்லின் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கிளிக் என்பது ஒலிக்குறிப்பு. தமிழில் சாட்டையைச் சொடுக்குவோம், விரலில் சொடக்குப் போடுவோம். இரண்டிலும் சட்டென்று ஓர் ஒலி உண்டு. ஆகவே, சுட்டியின் பொத்தான் எழுப்பும் ஒலிக்குச் 'சொடுக்கு' பொருத்தமாகவே அமைந்தது. ஆக்கியவரைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் தொடுதிரையில் தட்டுகிறோம், விசைப்பலகையில் நுழைவு விசையை அழுத்துகிறோம், சிலர் குரலாலேயே இயக்குகிறார்கள். இவர்களில் யார் சொடுக்குகிறார்கள்? 'அழுத்தவும்' என்று மாற்றினாலும் இதே கேள்விதான். கை செய்யும் வேலையைச் சொல்கிறோமே தவிர, செய்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்வதில்லை.

இனி 'இங்கே'. இகரம் அண்மைச்சுட்டு. சுட்டுவதற்கு ஓர் இடமும், அதைப் பார்க்கும் கண்ணும் வேண்டும். பார்வையற்றோர் பலர், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானில், பக்கத்தின் இணைப்புகளை மட்டும் பட்டியலாக எடுத்துக் கேட்பார்கள். என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் `Insert+F7` அழுத்தினால் அந்தப் பட்டியல் வரும். படிவம், தகுதி விதிகள், கட்டண விவரம் என மூன்று கோப்புகள் உள்ள ஒரு பக்கத்தில் அவர் காதில் விழுவது: 'இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும்.' சுற்றியிருந்த வாக்கியம் பட்டியலுக்குள் வராது. 2008இல் வெளிவந்த இணைய உள்ளடக்க அணுகுநிலை நெறிமுறை 2.0 இதற்கென்றே 2.4.4 என்ற விதியை வைத்திருக்கிறது. இணைப்பின் நோக்கம் அதன் சொற்களிலிருந்தோ, அது அமைந்த வாக்கியத்திலிருந்தோ விளங்கினால் போதும் என்பது அந்த விதி. சொற்களிலிருந்து மட்டுமே விளங்க வேண்டும் என்னும் 2.4.9 அதைவிடக் கடுமையானது. என் கட்சி இரண்டாவது.

வேடிக்கை என்னவென்றால், தமிழ் வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. இதைப் பாருங்கள்:

```
<p>விண்ணப்பப் படிவத்தைப் பதிவிறக்க
<a href="form.pdf">இங்கே சொடுக்கவும்</a></p>
```

செய்யவேண்டிய வேலை முன்னாலேயே வந்துவிட்டது. இணைப்பு மட்டும் பொருளற்ற வாலில் தொங்குகிறது. வாலை வெட்டிவிட்டு வினையெச்சத்தை முற்றாக்கினால் போதும்:

```
<p><a href="form.pdf">விண்ணப்பப் படிவத்தைப்
பதிவிறக்கு</a></p>
```

நம் மொழியில் செயப்படுபொருள் முதலில் வருவதும் நல்லதாகப் போயிற்று. பட்டியலை ஓடவிட்டுக் கேட்பவருக்கு முதல் சொல்லிலேயே ஆள் அடையாளம் தெரிந்துவிடும். ஒரே ஒரு தொல்லை உண்டு. நீளமான பெயர் வைத்தால் சிறிய திரையில் கடைசியில் இருக்கும் வினை அறுந்துபோகும். அப்போது பெயரைத்தான் குறைக்க வேண்டும், வினையை அல்ல.

'பதிவிறக்கு' என்பது மரியாதைக் குறைவு, 'பதிவிறக்கவும்' என்றுதான் இருக்க வேண்டும் என்று சண்டைக்கு வருகிறார்கள். பொத்தானில் பேசுவது யார்? 'சேமி', 'நீக்கு' என்பவை நாம் கணினிக்கு இடும் ஏவல். கணினிக்கு என்ன மரியாதை? 'சொடுக்கவும்' என்றால்தான் கணினி நம்மை ஏவுகிறது. விளக்க உரையில் பயனருக்கு வழிசொல்லும்போது 'செய்யவும்' என்று தாராளமாக எழுதுங்கள், பொத்தானில் வேண்டாம்.

'மேலும் படிக்க' என்பதைத் தப்பிக்கும் வழியாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். சொடுக்கு போய்விட்டது, சரி. எதைப் படிக்க? ஐந்து கட்டுரைகளின் கீழே ஐந்து 'மேலும் படிக்க' இருந்தால் அது 'இங்கே'யின் ஒன்றுவிட்ட தம்பிதான். கட்டுரைத் தலைப்பையே இணைப்பாக்கிவிட்டால் அந்த வரியே தேவைப்படாது.

எல்லாவற்றிலும் மோசமானது படிவத்தின் அடியில் இருக்கும் 'சமர்ப்பி'. காணிக்கையா செலுத்துகிறோம்? தூய்மைவாதிகள் அதை 'ஒப்படை' என்று மாற்றிவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். ஒரு படிவத்தில் முதல் பக்கத்தின் 'சமர்ப்பி' அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோனது. இரண்டாம் பக்கத்தின் 'சமர்ப்பி' விவரங்களைத் திருத்த முடியாதபடி பூட்டியது. மூன்றாவது, பணத்தை எடுத்துக்கொண்டது. மூன்றுக்கும் ஒரே சொல். அங்கே நான் எழுதிக்கொடுத்தவை: 'அடுத்த பக்கத்துக்குச் செல்', 'விவரங்களை உறுதிசெய்', 'கட்டணம் செலுத்து'. முதல் இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவதன் எதிரே 'சீர்மைக்காகச் சமர்ப்பி என்றே இருக்கட்டும்' என்று குறிப்பு வந்திருக்கிறது. திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன்.