ஐ.டி. போடச் சொல்கிறார்கள்: அந்தக் கமிஷன் யார் வீட்டுப் பணம்?

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாளைக்கு விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து வீடுகளில் வரவு நின்றுபோகும் அந்த நாட்களில், ஆள் சேர்க்கும் திட்டத்தில் பணம் கட்டி உறுப்பினராக, அதாவது ஐ.டி. போட, அழைக்கும் இந்தப் பேச்சு சுலபமாக எடுபடும்: "மதினி, ஆறாயிரம் கட்டி ஒரு ஐ.டி. மட்டும் போடுங்க. கீழே மூணு பேரைப் போட்டாப் போதும், மத்ததைச் சீனியர் பார்த்துக்குவாங்க." பேசுபவர் பொய் சொல்வதில்லை. அவர் கணக்கில் கமிஷன் நிஜமாகவே வந்திருக்கும், வங்கிக் குறுஞ்செய்தியை எடுத்துக் காட்டுவார். அதனால் "பணம் வருமா?" என்று கேட்டுப் பயனில்லை. வந்த பணம் யார் பையிலிருந்து கிளம்பியது என்று கேட்க வேண்டும். பிரமிடு மோசடியையும் முறையான பல அடுக்கு விற்பனையையும் பிரித்துக் காட்டும் கேள்வி அதுதான்.

அடுக்கு இருப்பதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, இரண்டிலும் அடுக்கு உண்டு. பொருள் இருப்பதை வைத்தும் முடியாது. வெறும் பணம் கட்டு என்றால் சட்டம் பிடித்துக்கொள்ளும் என்பதால், இன்றைக்குப் பிரமிடு நடத்துபவரும் ஒரு டப்பாவைக் கையில் கொடுத்துத்தான் பணம் வாங்குகிறார்.

ஒரு திட்டத்தை எடுத்து ரூபாய் ரூபாயாகப் பிரித்துப் பார்ப்போம். கணக்கு புரிய வேண்டும் என்பதற்காக நானே அமைத்த எடுத்துக்காட்டு இது, ஆனால் இந்த வகைத் திட்டங்களின் அமைப்பு இப்படித்தான் இருக்கும். சேர 6,000 ரூபாய். அதற்குச் சத்துமாவு, மூட்டுவலி எண்ணெய், பல்பசை என்று ஒரு பை தருகிறார்கள். அதே தரத்தில் ராமநாதபுரம் கடைத்தெருவில் வாங்கினால் 1,400 ரூபாய் ஆகும். ஒருவர் சேர்ந்ததும் அவரைச் சேர்த்துவிட்டவருக்கு 1,200 ரூபாய் கமிஷன். அதற்கு மேலே இருப்பவருக்கு 600. அதற்கும் மேலே 300. அதோடு சரி. மிச்சம் கம்பெனிக்கு.

ஊரில் முதலில் ஒருவர் சேர்கிறார். அவர் மூவரைச் சேர்க்கிறார், அந்த மூவரும் ஆளுக்கு மூவரைச் சேர்க்கிறார்கள். இப்படியே போனால் 1, 3, 9, 27, 81 என ஐந்து அடுக்கில் 121 பேர். ஒருவர்கூடச் சோம்பேறி இல்லை, எல்லாரும் சொன்னபடி ஆள் சேர்த்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கடைசி அடுக்கில் இருக்கும் 81 பேருக்கும் இன்னும் கீழே ஆள் இல்லை. கையில் 1,400 ரூபாய்ப் பொருள்தான், ஆளுக்கு 4,600 நஷ்டம். அவர்களுக்கு மேலே இருக்கும் 27 பேர் ஆளுக்கு மூவரைச் சேர்த்து 3,600 ரூபாய் வாங்கிவிட்டார்கள். பொருளையும் கூட்டினால் 5,000. இன்னும் ஆயிரம் கைப்பிடித்தம். மேலே இருக்கும் 13 பேர் மட்டும்தான் லாபத்தில் நிற்கிறார்கள்.

"அடுத்த அடுக்கு வந்தால் அந்த 27 பேரும் லாபத்துக்கு வந்துவிடுவார்களே?" என்று சீனியர் கேட்பார். சரிதான், வந்துவிடுவார்கள். ஆனால் அடுத்த அடுக்கு என்பது புதிதாக 243 பேர். அவர்கள் நஷ்டத்தில் நிற்பார்கள், அவர்களுக்கு மேலே உள்ள 81 பேரும் இன்னும் ஆயிரம் கைப்பிடித்தத்தில் இருப்பார்கள். 364 பேரில் 324 பேர். எந்த அடுக்கு முடிந்ததும் நிறுத்திப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒன்பதில் எட்டுப் பேர் போட்ட பணத்தை எடுக்காமல்தான் நிற்பார்கள். அடுக்கு வளர வளர நஷ்டப்படுகிறவர்களின் முகம் மாறுமே தவிர விகிதம் மாறாது. "நீ சரியாக உழைக்கவில்லை" என்று கடைசியில் சேர்ந்த பெண்ணைப் பழிப்பது இதனால்தான் எனக்குக் கோபம் தருகிறது. அவள் நஷ்டம் திட்டத்தின் கணக்கிலேயே எழுதியிருக்கிறது. இப்படி மூன்று மூன்றாகப் போனால் பதினான்காவது அடுக்குக்கு மட்டும் 15,94,323 பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் ராமநாதபுரம் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை, கைக்குழந்தையையும் சேர்த்து, பதின்மூன்றரை லட்சம்தான்.

இப்போது ஐ.டி. வாங்கிய அந்த 121 பேரையும் சுற்றி ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்குள்ளிருந்து கம்பெனிக்குப் போனது 7,26,000 ரூபாய். கம்பெனி திருப்பிக் கொடுத்த கமிஷனையெல்லாம் கூட்டினால் 2,46,600. கைக்கு வந்த பொருளின் கடை விலை 1,69,400. ஆக அந்தக் கூட்டம் மொத்தமாக 3,10,000 ரூபாய் இழந்திருக்கிறது. கமிஷன் என்ற பெயரில் வந்த ஒவ்வொரு ரூபாயும் கோட்டுக்குள் இருந்த இன்னொருத்தியின் ரூபாய். வெளியிலிருந்து ஒற்றைக் காசு உள்ளே வரவில்லை. கடற்கரைக் கிராமத்தில் கீழே சேர்பவர் பெரும்பாலும் நாத்தனார், சித்தி மகள், குழுவில் கூட இருப்பவர் என்பதால், அந்த ரூபாய் யாருடையது என்பதைப் பெயர் சொல்லியே கண்டுபிடித்துவிடலாம்.

ஏலச்சீட்டிலும் உள்ளே இருப்பவர்களின் பணம்தானே சுற்றுகிறது என்று ஒரு கேள்வி வரும். நல்ல கேள்வி. இருபது பேர் சீட்டில் புதிதாக ஆள் சேரவே வேண்டாம். இருபது மாதத்தில் இருபது பேரும் ஆளுக்கு ஒருமுறை எடுத்துவிடுவார்கள், தள்ளுபடித் தொகை அவர்களுக்குள்ளேயே பிரியும், அதோடு கணக்கு முடிந்துவிடும். கட்டியதைவிடப் பல மடங்கு எல்லாருக்கும் கிடைக்கும் என்று சீட்டு சொல்வதில்லை. பிரமிடு அப்படிச் சொல்கிறது. அந்த வாக்கைக் காப்பாற்ற அடுத்த மாதம் சேரப்போகிறவரைத்தான் அது நம்பியிருக்கிறது.

அதே அடுக்கு, அதே எண்ணெய், ஆனால் வேறு மாதிரி ஓடும் திட்டத்தைப் பாருங்கள். சேரக் கட்டணம் இல்லை. கீழக்கரையில் ஒரு பெண் கம்பெனியிடம் எண்ணெயை 240 ரூபாய்க்கு வாங்கி, ஐ.டி. எதுவும் இல்லாத பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் 300-க்கு விற்கிறார். அறுபது ரூபாய் அவருக்கு. கம்பெனி தன் 240-லிருந்து அவரைச் சேர்த்தவருக்கு இருபதும் அதற்கு மேலே இருப்பவருக்குப் பத்தும் தருகிறது. பாட்டி எண்ணெய்க்காகத்தான் பணம் கொடுத்தார், ஆள் பிடிக்கும் உரிமைக்காக அல்ல. எல்லாக் கமிஷனும் பாட்டியின் 300-லிருந்து, அதாவது கோட்டுக்கு வெளியிலிருந்து வந்தது. ஆறு மாதம் ஒரு புது ஆளும் சேராவிட்டாலும் பாட்டிக்கு முழங்கால் வலி இருக்கும்வரை இது ஓடும். முதல் திட்டத்தில் ஆறு வாரம் ஆள் வராவிட்டால் கமிஷன் அப்படியே நின்றுவிடும்.

நிஜத்தில் பல திட்டங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. அங்கேதான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். சேரக் கட்டணம் இல்லை என்பார்கள். ஆனால் மாதம் 2,000 ரூபாய்க்கு வாங்கினால்தான் ஐ.டி. ஆக்டிவாக இருக்கும், இல்லையென்றால் கீழிருந்து வரும் பாயின்ட் வராது. உறுப்பினர் வாங்குவதும் விற்பனைதானே என்று கம்பெனி கணக்கில் காட்டும். சேரும்போது மொத்தமாகக் கட்டியதை இங்கே மாதத் தவணையாகக் கட்டுகிறார்கள், அவ்வளவுதான். சொந்த உபயோகத்துக்கு வாங்குவது தவறில்லை. ஐ.டி. இல்லாவிட்டாலும் அதே விலைக்கு அந்தப் பெண் அதை வாங்குவாரா என்பதைப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு எளிய அடையாளம் உண்டு. விலகியவர்கள் அதே டப்பாவைப் பாதி விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தால், அல்லது கட்டிலுக்கடியில் உடைக்காத பெட்டி அடுக்கியிருந்தால், வெளி உலகத்தில் அதன் விலை அவ்வளவுதான். மிச்சம் அடுக்கில் ஒரு இடத்துக்குக் கொடுத்த காசு.

அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இந்த முடிச்சை ரொம்ப நாளாக அவிழ்த்துப் பார்த்திருக்கிறது. 1975-ல் காஸ்காட் என்ற அழகுப்பொருள் கம்பெனி வழக்கில் ஒரு அளவுகோலைச் சொன்னது: பணம் கட்டி ஒருவர் விற்கும் உரிமையைப் பெறுகிறார், கூடவே ஆள் சேர்ப்பதற்கான வெகுமதியையும் பெறுகிறார், அந்த வெகுமதிக்கும் கடைசி உபயோகிப்பாளருக்கு நடக்கும் விற்பனைக்கும் சம்பந்தமில்லை என்றால் அது பிரமிடு. 1979-ல் ஆம்வே வழக்கில் அது பிரமிடு அல்ல என்று ஆணையம் முடிவு செய்ததற்கு அந்தக் கம்பெனியின் விதிகள் காரணம். போனஸ் வேண்டுமென்றால் அந்த மாதம் வாங்கிய சரக்கில் 70 சதவீதத்தையாவது விற்றிருக்க வேண்டும், மாதம் பத்து வாடிக்கையாளருக்காவது விற்றிருக்க வேண்டும், விற்காததைக் கம்பெனியோ சேர்த்துவிட்டவரோ திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றுமே சரக்கு உறுப்பினர்களின் கையிலேயே தேங்காமல் தடுக்கும் விதிகள். ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது, நடைமுறையில் இருக்க வேண்டும். 2016-ல் ஹெர்பலைஃப் கம்பெனியோடு செய்துகொண்ட உடன்பாட்டில் ஆணையம் இன்னும் நேராகவே அளவு வைத்தது: கொடுக்கும் கமிஷனில் மூன்றில் இரண்டு பங்காவது சரிபார்க்கக்கூடிய சில்லறை விற்பனையிலிருந்து வர வேண்டும்.

உங்கள் வீட்டுத் திண்ணையில் இதைச் சோதிக்கக் கம்பெனியின் கணக்குப் புத்தகம் வேண்டாம். சேரச் சொல்பவரின் ஆப்பில் கமிஷன் பட்டியல் இருக்கும், கடந்த மூன்று மாதத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியும் எதற்காக விழுந்தது என்று பாருங்கள். புது ஐ.டி., ஜோடி சேர்ந்தது, அப்கிரேடு, ஆக்டிவேஷன் என்று இருந்தால் அந்த வரி உள்பணம். பொருள் விற்பனை என்று இருந்தால், வாங்கியவருக்கு ஐ.டி. உண்டா என்று அடுத்துக் கேளுங்கள். "போன மாசம் உங்ககிட்ட வாங்கினவங்கள்ல ஐ.டி. இல்லாதவங்க யாரு மதினி?" என்ற ஒரு கேள்விக்கு நாலு பேர் பெயர் வந்தால் நல்லது. பதிலுக்குக் கார் படமும் மதுரை ஓட்டல் மீட்டிங் அழைப்பும் வந்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இந்தச் சோதனையில் தேறிய திட்டம் எல்லாருக்கும் சம்பாத்தியம் தரும் என்று நினைக்க வேண்டாம். பிரமிடு அல்ல என்பது மட்டும்தான் இதில் தெரியும். நானூறு வீடு உள்ள ஊரில் நாற்பது பேர் ஒரே எண்ணெயை விற்றால், முறையான தொழிலிலும் ஆளுக்குப் பத்து வாடிக்கையாளர்தான்.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு நேரடி விற்பனை விதிகளின்படி சேர்வதற்கு நுழைவுக் கட்டணம் வாங்கக்கூடாது, நேரடி விற்பனை என்ற பெயரில் பிரமிடு நடத்தக்கூடாது. எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும், அபராதமில்லாமல் விலகிக்கொள்ள ஒரு கால அவகாசமும் தர வேண்டும். பணச்சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் நடத்துபவரை மட்டும் பிடிப்பதில்லை, அதில் சேருவதும் பங்கெடுப்பதும்கூடக் குற்றம். கீழே மூன்று பேரைப் போட்டவர் நாளைக்குப் பணம் போய்விட்டதென்று புகார் கொடுக்கத் தயங்குவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் ரசீது, பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப்பில் வந்த திட்டப் படங்கள், ஆப்பில் இருக்கும் கமிஷன் பட்டியல் எல்லாவற்றையும் இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள். நெருக்கடி வந்ததும் ஆப்பில் எதுவும் திறக்காது. அந்தப் படங்களோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவிலோ புகார் கொடுக்கலாம்.