ஆணி இல்லாமல் தொங்கவிட்டால்: டேப் எங்கே பிடிக்கும், எப்படி விடும்?

"வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஹவுஸ் ஓனர் சொல்லிவிட்டார். பிள்ளையின் பிறந்தநாள் அலங்காரத்தை டபுள் சைடு டேப்பில் ஒட்டினோம். பாதி ராத்திரியில் விழுந்துவிட்டது. விழாமல் நின்றதைப் பிய்த்தால் பெயிண்டும் கூடவே வந்தது. ஒரே டேப், ஒரே சுவர். ஏன் இப்படி?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்களோ என்ற கவலை அவருக்கு.

சுவர் என்று நாம் சொல்வது ஒரே பொருள் இல்லை என்பதிலிருந்து தொடங்கலாம். செங்கல், அதன் மேல் சிமென்ட் பூச்சு, அதன் மேல் பட்டி, பிரைமர், கடைசியில் பெயிண்ட். டேப்பை இழுக்கும்போது இந்த அடுக்குகளில் எது மிகவும் பலவீனமோ அதுதான் பிரியும். டேப்புக்கும் பெயிண்டுக்கும் இடையிலான பிடிப்பு பலவீனமாக இருந்தால் அலங்காரம் மட்டும் விழும். பெயிண்டுக்கும் பட்டிக்கும் இடையே பலவீனம் என்றால் பெயிண்ட் ஏடாக உரிந்து வரும். சுண்ணாம்பு அடித்த சுவர், பழைய டிஸ்டம்பர் சுவர் என்றால் மேல் பரப்பே தூள். டேப் அந்தத் தூளைத்தான் பிடித்துக்கொள்கிறது, சுவரை அல்ல. வாசகி வீட்டுச் சுவரில் இந்த இரண்டு மூன்று நிலையும் அடுத்தடுத்தே இருந்திருக்கலாம். ஒரு பக்கம் ஈரம் ஊறிப் பட்டி தளர்ந்திருக்கும், இன்னொரு பக்கம் நன்றாக இருக்கும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். கையில் வெள்ளையோ நிறமோ ஒட்டினால் அந்தச் சுவரில் எந்தப் பசைக் கொக்கியும் நிற்காது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும். கையில் ஒன்றும் ஒட்டவில்லை என்றால் இன்னொரு சோதனை. பீரோவுக்குப் பின்னால் கண்ணில் படாத இடத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி, மறுநாள் மெதுவாக உரித்து, அதன் பசைப் பக்கத்தைப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் எமல்ஷன் பெயிண்ட் நன்றாகப் பிடித்திருக்கிறது, மேலே போகலாம். டைல்ஸ், கண்ணாடி, பெயிண்ட் அடித்த இரும்பு பீரோ இவற்றுக்குச் சோதனையே வேண்டாம். பீரோவில் காந்தம் போதும்.

அப்புறம் எடை. பசைக் கொக்கியோடு வரும், பிறகு கழற்றக்கூடிய ஒட்டுப்பட்டையை ஸ்ட்ரிப் என்பார்கள். அதன் பாக்கெட்டில் ஒரு அளவு போட்டிருப்பார்கள்: சிறிய ஸ்ட்ரிப்புக்கு அரை கிலோவுக்குள், நடுத்தரத்துக்கு ஒன்றேகால் கிலோ அளவில், பெரியதற்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். இந்த எண்ணில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. எடை சுவரை ஒட்டியபடி நேர் கீழாக இழுக்க வேண்டும். அப்படி இழுத்தால் பசையின் முழுப் பரப்பும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். சுவரிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்தால் கதையே வேறு. அப்போது சுமை முழுவதும் மேல் விளிம்பில் ஒரு கோட்டில் வந்து குவியும். அந்தக் கோடு பிரிந்ததும் அடுத்த கோடு, அதற்கடுத்தது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 6 சென்டிமீட்டர் உயரமுள்ள கொக்கியில் 1 கிலோ எடையுள்ள சாமி படத்தை மாட்டுகிறோம். படத்தின் கயிறு சுவரிலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி உட்காருகிறது. அந்த எடை கொக்கியின் கீழ் விளிம்பை ஊன்றுகோலாக வைத்து மேல் பகுதியை வெளியே நெம்பும். மேலே, ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் உயரத்தில், பசை அதை எதிர்த்து இழுத்துப் பிடிக்க வேண்டும். 1 கிலோ பெருக்கல் 1, வகுத்தல் 5. ஆக 200 கிராம் அளவுக்கு வெளியிழுப்பு. இப்போது படத்துக்கு முன்னால் ஒரு சீரியல் பல்ப் வளையத்தையும் மாட்ட வசதியாக நீட்டுக் கொக்கி வாங்கினோம் என்று வையுங்கள். கயிறு 4 சென்டிமீட்டர் தள்ளிப் போகிறது. அதே 1 கிலோதான், ஆனால் வெளியிழுப்பு 800 கிராம், நான்கு மடங்கு. பாக்கெட்டில் போட்ட எடையைத் தாண்டவே இல்லை, ஆனாலும் கொக்கி விழும். எடை சுவரை எவ்வளவு நெருங்கி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கொக்கியைவிட, படத்தின் பின்பக்கத்தையே சுவரோடு சேர்க்கும் ஜோடி ஸ்ட்ரிப்புகளில் இந்த நெம்பல் குறைவு.

நேரமும் கணக்கில் வரும். இந்தப் பசைகள் முழுத் திடப்பொருளும் இல்லை, திரவமும் இல்லை. ஒட்டியவுடன் மெல்ல வழிந்து பெயிண்டின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்க வேண்டும். அதனால்தான் அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, 1 மணி நேரம் கழித்துச் சுமையை ஏற்றச் சொல்கிறார்கள். நம் ஆட்கள் ஒட்டிய கையோடு மாட்டிவிடுவார்கள். புது பெயிண்ட் என்றால் குறைந்தது ஒரு வாரம் பொறுக்க வேண்டும். ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிட வேண்டும். தரை துடைக்கும் திரவம் ஆகாது, அது பின்னால் ஒரு வழவழப்புப் படலத்தை விட்டுவிடும். வழிந்து இறங்கிப் பிடித்த அதே பசை, சுமை நாள்கணக்கில் தொங்கினால் சுமையின் பக்கமாகவும் வழியும். வெயில் ஏறினால் இன்னும் வேகமாக. நள்ளிரவில் விழுந்த அலங்காரம் திடீரென்று விழவில்லை, மாலையிலிருந்தே மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பிரிந்துகொண்டிருந்தது.

கூரைக்கு வந்தால் நிலைமை மோசம். அங்கே சுவரை ஒட்டிய இழுப்பே கிடையாது, எடை முழுவதும் பசையைப் பிரிக்கும் திசையில்தான். போதாததற்கு மேல்மாடி வீட்டின் கான்கிரீட் கூரை கோடையில் கொதிக்கும், மின்விசிறிக் காற்று தொங்குவதையெல்லாம் ஆட்டி ஆட்டி இழுக்கும். பெரும்பாலான ஸ்ட்ரிப் பாக்கெட்டுகளில் கூரையில் ஒட்டாதே, கட்டிலுக்கு மேல் மாட்டாதே என்று போட்டிருப்பது சும்மா இல்லை. காற்று ஊதிய பலூன், கிரேப் பேப்பர் சுருள் மாதிரி சில கிராம் எடையுள்ளவற்றை மாஸ்கிங் டேப்பில் ஒட்டலாம், ஓரிரு நாளில் எடுத்துவிடலாம். அதற்கு மேல் எடை என்றால் கூரையை மறந்துவிடுங்கள். ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ப்பக்கத் திரைச்சீலைக் கம்பிக்கு ஒரு நைலான் கயிறு கட்டி அதில் தொங்கவிடுவதே என் கட்சி. ஃபேன் கொக்கியில் மட்டும் எதையும் கட்டாதீர்கள்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பிடிப்பதில் பெரிய அதிசயம் இல்லை. இவ்வளவு உறுதியாகப் பிடித்த ஒன்று, நாம் சொன்ன நேரத்தில் தடயம் இல்லாமல் விடுகிறதே, அது எப்படி?

டேப்பை உரிப்பது ஒரு வேலை. பசையைப் பிரிக்க ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் குறிப்பிட்ட அளவு ஆற்றல் வேண்டும், அதைக் கொடுப்பது நம் கை. சுவருக்குச் செங்குத்தாக இழுத்தால், 1 சென்டிமீட்டர் பிரிய நம் கை 1 சென்டிமீட்டர் நகர்கிறது. கையின் இழுப்பு அப்படியே பிரிக்கும் வேலைக்குப் போகிறது. ஆனால் அந்த இழுப்பு பெயிண்டையும் வெளிப்பக்கம்தான் இழுக்கிறது. டேப் முந்துமா பெயிண்ட் முந்துமா என்பது அதிர்ஷ்டம். இப்போது இழுக்கும் கோணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, சுவருக்கு இணையாக இழுப்பதாக நினையுங்கள். டேப் கொஞ்சமும் நீளாது என்றால் நம் கை நகரவே முடியாது. கை நகரவில்லை என்றால் வேலை நடக்கவில்லை, டேப்பும் பிரியாது. கொக்கியின் எடையை டேப் தாங்குவதும் இந்த வழியில்தான்.

டேப் ரப்பர் மாதிரி நீளும் என்றால்? அப்போது கை நகர்கிறது, ஆற்றல் உள்ளே போகிறது. பிரிட்டிஷ் விஞ்ஞானி கெவின் கெண்டால் 1975-இல் எழுதிய உரிப்புச் சமன்பாட்டில் இதற்கென்றே ஒரு உறுப்பு உண்டு. கோணம் பூஜ்யம் ஆனால் மற்ற உறுப்பு மறைந்துவிடும், நீட்சி மட்டும் மிஞ்சும். கழற்றக்கூடிய ஸ்ட்ரிப்பின் நடுவில் பல மடங்கு நீளக்கூடிய படலமோ நுரையோ இருக்கிறது. கீழே நீட்டிக்கொண்டிருக்கும் வாலைச் சுவரோடு ஒட்டியே கீழே இழுத்தால் ஸ்ட்ரிப் நீளும். நீள நீள மெலிந்து அகலம் சுருங்கும். பசை தான் ஒட்டிய இடத்தைவிட்டுச் சுவரின் மீதே நழுவுகிறது. பிரியும் கோடு வாலிலிருந்து மேல்நோக்கி ஓடுகிறது. இத்தனையும் நடக்கும்போது சுவரை வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய இல்லை. பெயிண்டுக்குத் தன்னை யாரும் பிடுங்குவதாகவே தெரியாது.

கொக்கியின் எடையும் கீழ்நோக்கித்தானே இழுக்கிறது, அப்போது ஏன் நீண்டு கழன்றுவிடவில்லை? எடை வருவது வளையாத பிளாஸ்டிக் தகடு வழியாக. தகடு சுமையை முழுப் பரப்பிலும் பரப்பிவிடுவதால் எந்த இடமும் நீளும் அளவுக்கு இழுபடாது. வாலை இழுக்கும்போது மொத்த இழுப்பும் ஒரே முனையில் விழுகிறது.

இந்தக் கோண வித்தையை நமக்கு முன்பே பழகிவிட்டது நம் வீட்டுப் பல்லி. அதன் விரல்களில் உள்ள நுண்மயிர்கள் பசை எதுவும் இல்லாமல், மூலக்கூறுகளுக்கு இடையிலான வான் டெர் வால்ஸ் விசையால் பிடிக்கின்றன. மயிர் பரப்போடு சுமார் 30 டிகிரியைத் தாண்டினால் தானே விடுபடும் என்று அமெரிக்க உயிரியல் விஞ்ஞானி கெல்லர் ஆட்டமின் குழுவினர் 2000-இல் காட்டினார்கள். பல்லி ஒவ்வொரு அடிக்கும் விரல் நுனியைப் பின்னோக்கிச் சுருட்டி எடுப்பது அதற்காக. கூரையில் தலைகீழாக ஓடும், வெள்ளைப் பூச்சில் ஒரு கீறல் விழாது. பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் பட்டியலே போடுகிறது. அது ஏன் விழாமல் நிற்கிறது என்று வீட்டில் ஒரு பிள்ளை கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

கழற்றும்போது செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, வாலைத் தன்னை நோக்கி இழுப்பது. சுவரோடு தேய்ந்தபடி கீழே வர வேண்டும், மெதுவாக, ஒரு சாண் வரை நீள விட்டு. இன்னொன்று, கொக்கியை விழாமல் இருக்க அழுத்திப் பிடிப்பது. அழுத்தினால் உள்ளே நழுவ வேண்டிய ஸ்ட்ரிப் மாட்டிக்கொண்டு அறுந்துவிடும். விரலால் தாங்கினால் போதும். வருடக்கணக்கில் இருந்த ஸ்ட்ரிப் இறுகிப்போய், சரியாக இழுத்தாலும் அறுவதுண்டு. அப்போது கத்தியை எடுக்காதீர்கள். ஹேர் டிரையரால் கொக்கியை லேசாகச் சூடாக்கி, பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலையோ மெல்லிய தூண்டில் நரம்பையோ கொக்கிக்கும் சுவருக்கும் இடையில் விட்டு, ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுத்தால் கொக்கி கழன்று வரும். சுவரில் மிஞ்சிய பசையை விரல் நுனியால் உருட்டி உருட்டியே எடுத்துவிடலாம்.